கைஜஸ் மோதிரம்: பிளேட்டோ பதில் சொன்னாரா, நழுவிட்டாரா?

கேள்வி: "கண்ணுக்கு தெரியாம போற மோதிரம் ஒண்ணு கெடச்சு, என்ன பண்ணாலும் மாட்டவே மாட்டோம்னு ஆயிட்டா எவனாவது நேர்மையா இருப்பானா? பிளேட்டோ இந்த கதைய எழுதிட்டு கடைசில ஒழுங்கா பதில் சொன்னாரா இல்ல நழுவிட்டாரா?"

இதுக்குள்ள ரெண்டு கேள்வி ஒட்டிக்கிட்டு இருக்கு, முதல்ல அத பிரிச்சிடறேன், இல்லன்னா கடைசி வரைக்கும் குழப்பமாவே போகும். ஒண்ணு, மனுஷங்க அந்த நெலமைல என்ன பண்ணுவாங்கங்கறது. அது ஆளுங்கள கவனிச்சு, சோதிச்சு பாக்க வேண்டிய விஷயம். இன்னொண்ணு, மாட்டவே மாட்டோம்னு ஆனப்புறமும் நேர்மையா இருக்க ஒருத்தனுக்கு ஏதாவது காரணம் மிச்சம் இருக்காங்கறது. நூத்துக்கு தொண்ணூத்தொம்பது பேர் திருடுவாங்கன்னே வச்சுக்குவோம், அந்த மிச்சம் ஒருத்தன் முட்டாளா புத்திசாலியான்னு அப்பவும் கேக்கலாம் இல்லையா, அதான் ரெண்டாவது. பிளேட்டோவுக்கு கவலை எல்லாம் இந்த ரெண்டாவது மேலதான். நான் பல வருஷமா இந்த பகுதிய பசங்களுக்கு பாடம் எடுக்கிறவன், கிளாஸ்ல வர்ற சண்டைல பாதி இந்த ரெண்டையும் கலக்கறதாலதான் வரும்.

கதைய நெறைய பேர் நெட்ல சுருக்கமா படிச்சிருப்பீங்க, ஆனா சுருக்கத்துல முக்கியமான எலும்பெல்லாம் போயிடுது. பிளேட்டோவோட 'குடியரசு' ரெண்டாம் புத்தகத்துல, ஓரத்துல 359, 360ன்னு நம்பர் போட்டிருக்கிற எடத்துல இது வருது. சொல்றது புத்தகத்துல முக்கியமா பேசற சாக்ரடீஸ் இல்ல, கிளாக்கான், பிளேட்டோவோட சொந்த அண்ணன். லிடியா நாட்டு ராஜாகிட்ட வேல பாக்கிற ஒரு ஆட்டுக்காரன். பெரிய மழை, நெலநடுக்கம், அவன் மேய்ச்சுக்கிட்டிருந்த எடத்துல தரை பொளந்துடுது. உள்ள எறங்கினா உள்ள பொந்தா இருக்கிற ஒரு வெண்கல குதிரை, அதுல சின்ன சின்ன கதவு, எட்டிப்பாத்தா மனுஷ அளவ விட பெரிய ஒரு பொணம், அது கையில தங்க மோதிரத்த தவிர ஒண்ணும் இல்ல. கழட்டிக்கிட்டு வந்துடறான். மாசா மாசம் மந்தைக்கணக்க ராஜாவுக்கு சொல்லி அனுப்ப ஆட்டுக்காரங்க கூடுற கூட்டத்துல ஒக்காந்திருக்கும்போது, மோதிரத்தோட கல் பதிச்ச பக்கத்த தற்செயலா உள்ளங்கை பக்கமா திருப்பறான். பக்கத்துல இருக்கிறவங்க இவன் எழுந்து போயிட்ட மாதிரி பேச ஆரம்பிக்கிறாங்க. வெளிப்பக்கமா திருப்பினா மறுபடி தெரியறான். திருப்பி திருப்பி சோதிச்சு பாத்து உறுதி பண்ணிக்கிறான். அப்புறம் ராஜாகிட்ட போற தூதுக்குழுவுல தன்ன சேத்துக்க ஏற்பாடு பண்ணி, அரண்மனைக்கு போய், ராணிய வசப்படுத்தி, அவ தொணையோட ராஜாவ கொன்னு ஆட்சிய புடிக்கிறான்.

இந்த கதை பிளேட்டோவுக்கு முன்னாடியே வேற ரூபத்துல இருந்தது. ஹெரோடோட்டஸ் எழுதின வரலாற்றோட முதல் புத்தகத்துல, மோதிரத்துக்கு பேர் குடுத்த கைஜஸ்ங்கறவன் ராஜாவோட மெய்க்காவலன். என் பொண்டாட்டி எவ்ளோ அழகுன்னு நீயே பாருன்னு ராஜா இவன கட்டாயப்படுத்தி படுக்கையறை கதவு பின்னால ஒளிய வைக்கிறான், ராணி பாத்துடறா, மறுநாள் கூப்பிட்டு, ஒண்ணு ராஜாவ கொல்லு இல்ல நீ சாவுன்னு சொல்றா. அங்க மோதிரமும் இல்ல, மாயமும் இல்ல, ஒளிஞ்சவன் மாட்டிக்கிட்டதாலதான் கொலையே நடக்குது. கைஜஸ் நெஜமாவே கி.மு. 7ம் நூற்றாண்டுல லிடியாவ ஆண்ட ராஜா. பிளேட்டோ அந்த பழைய கதைலேருந்து கட்டாயத்தையும் பயத்தையும் உருவி எடுத்துட்டு மோதிரத்த வச்சாரு. ஹெரோடோட்டஸோட கைஜஸுக்கு வேற வழியில்ல. பிளேட்டோவோட ஆட்டுக்காரன யாருமே கட்டாயப்படுத்தல.

ஒரு விஷயம் கவனிங்க, அரண்மனைல மோதிரத்த வச்சு அவன் என்ன பண்ணினான்னு கதைல ஒண்ணுமே இல்ல. ராணிகிட்ட தெரியாம இருந்தா வசப்படுத்த முடியாது. தூதுவனா போறதுக்கும் தெரிஞ்சாகணும். சிம்மாசனத்துல ஒக்காரவும் தெரிஞ்சாகணும். அப்போ அவனுக்கு வேண்டியது காணாம போறது இல்ல, வேணுங்கறப்ப காணாம போய் மத்த நேரத்துல நல்ல ராஜாவா எல்லார் கண்ணுக்கும் தெரியறது. கிளாக்கானும் இதத்தான் கொஞ்சம் கழிச்சு வெளிப்படையா சொல்றான்: அநியாயத்தோட உச்சம்னா நியாயவான் இல்லாமலே நியாயவானா தெரியறதுதான். மோதிரம் அதுக்கு ஒரு கருவி, அவ்ளோதான்.

அப்புறம் கிளாக்கான் இந்த மாதிரி ரெண்டு மோதிரம் இருந்து, ஒண்ண நியாயமானவனுக்கும் ஒண்ண அநியாயக்காரனுக்கும் குடுத்தா ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் போய் நிப்பாங்கன்னு சொல்றான். சந்தையில பயமில்லாம எடுக்கலாம், எந்த வீட்டுக்குள்ளயும் போலாம், யார வேணா கொல்லலாம், யார வேணா ஜெயில்லேருந்து விடுவிக்கலாம், மனுஷங்க நடுவுல கடவுள் மாதிரி இருக்கலாம், இதையும் மீறி ஒருத்தன் கைய கட்டிக்கிட்டு இருந்தா மத்தவங்க, நாளைக்கு நம்மளும் பாதிக்கப்படலாமேங்கற பயத்துல மட்டும் அவன நேர்ல புகழ்ந்துட்டு, மனசுக்குள்ள படு முட்டாள்னு நெனைப்பாங்கன்னு சொல்றான். ஆனா இது அவனோட சொந்த கருத்து இல்ல, ஊர்ல எல்லாரும் இப்படி பேசறாங்க, இத யாராவது ஒடைச்சு காட்டணும்னுதான் எனக்கு ஆசைன்னு ஆரம்பத்துலயே சொல்லிடறான். பரிட்சைய இன்னும் கடுமையாவும் ஆக்கறான்: நியாயமானவனுக்கு அயோக்கியன்னு பேர குடு, சவுக்கடி, சித்திரவதை, கண்ண சுட்டு, கழுவேத்தறது வரைக்கும் குடு, அநியாயக்காரனுக்கு உத்தமன்னு பேர குடு, இப்ப சொல்லு யார் வாழ்க்கை மேல்னு.

இதுக்கு பதில் சொல்றேன்னு வர்றவங்கள்ல முக்கால்வாசி பேர் பண்ற ஒரு தில்லுமுல்லு இருக்கு, மோதிரத்த மெதுவா புடுங்கிடறது. கிரேக்க தத்துவவாதி எபிகியூரஸ் பண்ணினது கிட்டத்தட்ட இதான். தப்பு பண்றதுல இருக்கிற கெடுதல் அந்த செயல்ல இல்ல, என்னிக்காவது மாட்டிக்குவோமோங்கற சந்தேகத்துலதான் இருக்கு, பத்தாயிரம் தடவை தப்பிச்சாலும் சாகற வரைக்கும் தப்பிப்போம்னு எவனும் உறுதியா இருக்க முடியாதுன்னாரு. நெஜ வாழ்க்கைக்கு நல்ல அறிவுரைதான், ஆனா மோதிரத்தோட நிபந்தனையே மாட்டவே மாட்டோம்ங்கறது. அந்த உறுதி இருந்தா ஞானி சட்டத்த மீறுவானான்னு எபிகியூரஸ்கிட்டயே ஒரு கேள்வி இருந்திருக்கு, அதுக்கு அவரு நேரா ஒரு வார்த்தைல பதில் சொல்றது சுலபமில்லன்னு எழுதினதா பிற்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் கிண்டலா பதிவு பண்ணியிருக்காரு. நேர்மையான பதில்தான், ஆனா நீங்க கேட்ட நழுவறதுங்கறதுக்கு பொருத்தமான ஆள் பிளேட்டோ இல்ல, இவருதான்.

நம்ம பக்கமும் மோதிரத்த புடுங்கற வகையும் இருக்கு, புடுங்காத வகையும் இருக்கு. வஞ்ச மனத்தான் படிற்றொழுக்கம் பூதங்கள் ஐந்தும் அகத்தே நகும்னு குறள் சொல்றப்ப, ஊர் பாக்கலன்னாலும் ஒனக்குள்ள இருக்கிற அஞ்சு பூதமும் பாத்து சிரிக்குதுன்னு ஒரு சாட்சிய உள்ள கொண்டுவந்து நிறுத்துது. அதாவது நீ மறைஞ்சே இல்லங்குது. கிளாக்கான் இத ஏத்துக்க மாட்டான். யாரோ பாக்கறாங்கன்னு நான் ஒழுங்கா இருந்தா அது பயம்தானப்பா, பாக்கிறது போலீஸா பூதமாங்கறதுதான் வித்தியாசம்னு கேப்பான். ஆனா அடுத்த அதிகாரத்துலயே உள்ளத்தால் உள்ளலும் தீதேன்னு வருது பாருங்க, பிறன் பொருள கள்ளத்தால எடுப்போம்னு நெனைக்கிறதே கெடுதல்னு. அதுல சாட்சிக்கு வேலையே இல்ல. கிளாக்கானுக்கு பதில் வேணும்னா இந்த ரெண்டாவது வகையாதான் இருக்கணும்.

கதையே கற்பனை, இதுக்கு என்னத்துக்கு பதில் சொல்லணும்னு கேக்கிறவங்களும் உண்டு. கி.மு. 44ல ரோமானிய அரசியல்வாதி சிசரோ தன் மகனுக்கு கடமைகள பத்தி எழுதினப்ப அவங்கள செமையா கேலி பண்றாரு, கெட்டவங்க இல்ல, ஆனா அவ்ளோ கூர்மையும் இல்லன்னு. மோதிரம் இருக்க முடியுமான்னா நான் கேட்டேன், இருந்தா என்ன பண்ணுவன்னுதான கேட்டேன்ங்கறாரு. தண்டனை இல்லன்னா செய்வேன்னு சொன்னா ஒத்துக்கிட்டவன், செய்ய மாட்டேன்னு சொன்னா அந்த செயல் அதுக்காகவே தவிர்க்க வேண்டியதுன்னு ஒத்துக்கிட்டவன். நடுவுல எடமே இல்ல.

இப்ப முதல் கேள்விக்கு வரேன், ஆளுங்க நெஜமா என்ன பண்றாங்க. மாய மோதிரம் இல்லன்னாலும் அதுக்கு ரொம்ப கிட்ட வர்ற ஒரு சோதனை இருக்கு. சூரிச்ல ஃபிஷ்பாக்கர்னும் ஃபோல்மி ஹொய்சின்னும் ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பண்ணி 2013ல வெளியிட்டது. தனியா ஒக்கார வச்சு ஒரு தாயக்கட்டைய, ஆறு பக்கம் இருக்கிறது, குடுத்து உருட்ட சொல்றாங்க. முதல்ல விழுந்த நம்பர ஆளே எழுதி குடுக்கணும். ஒண்ணு விழுந்தா ஒரு சுவிஸ் ஃபிராங்க், ரெண்டுன்னா ரெண்டு, இப்படியே அஞ்சு வரைக்கும், ஆறு விழுந்தா மட்டும் ஒண்ணும் கெடையாது. அவனுக்கு என்ன விழுந்துச்சுன்னு யாரும் பாக்கல, கேமரா இல்ல, பின்னாடி கண்டுபுடிக்கவும் வழியே இல்ல. தனி ஆள் அளவுல இது அசல் கைஜஸ் மோதிரம்தான். ஆனா கூட்டமா பாத்தா பொய் தெரிஞ்சுடும், ஏன்னா தாயக்கட்டை யார் நல்லவன்னு பாத்து விழாது, ஒவ்வொரு நம்பரும் ஆறுல ஒரு பங்கு, அதாவது 16.7 சதவீதம் வரணும்.

வந்தது என்னன்னா, எனக்கு ஆறுன்னு சொன்னவங்க 6.4 சதவீதம். அஞ்சுன்னு சொன்னவங்க 35 சதவீதம். இத வச்சு கணக்கு போடலாம். ஆறு விழுந்தவங்க மொத்த கூட்டத்துலேருந்து குலுக்கி எடுத்த மாதிரி ஒரு கூட்டம், அவங்கள்ல எத்தன பேர் கைக்கு ஒரு காசு வராதுன்னு தெரிஞ்சும் ஆறுன்னே எழுதினாங்கன்னு பாத்தா 6.4ஐ 16.7ஆல வகுத்தா 38, 39 சதவீதம் வருது. அதாவது பத்துல நாலு பேர் கிட்டத்தட்ட முழு நேர்மை. அந்த பக்கம் அஞ்சுல ஒருத்தர் கூசாம அதிகபட்ச பொய். மிச்சம் இருக்கிறவங்கதான் எனக்கு பிடிச்ச கூட்டம்: நாலுன்னு சொன்னவங்களும் 16.7ஐ விட ரொம்ப அதிகமா, 27 சதவீதம் கிட்ட இருந்தாங்க. யோசிங்க, பொய்தான் சொல்றோம், யாரும் கண்டுபுடிக்க போறதில்ல, அஞ்சுன்னே சொல்லிட்டு போலாமே, ஏன் ஒரு ஃபிராங்க விட்டுக்குடுத்து நாலுன்னு சொல்லணும்? ஏன்னா அவனுக்கு காசும் வேணும், பேராசைக்காரன் மாதிரி தெரியவும் கூடாது, அந்த பேப்பர வாங்கறவர் கண்ணுக்கோ இல்ல தன் கண்ணுக்கே கூட. கிளாக்கான் சொன்ன அந்த நியாயவானா தெரியணும்ங்கற ஆசை, ஆளே பாக்காத எடத்துல கூட ஓடிக்கிட்டு இருக்கு.

இது ஒரு எடத்துல வந்த அதிர்ஷ்டமும் இல்ல. இந்த மாதிரி 90 ஆய்வுகள, 47 நாடுகள்ல 44,000 பேருக்கு மேல உள்ளத, ஏபெலர், நொசென்சோ, ரேமண்ட்னு மூணு பேர் சேத்து பாத்து 2019ல வெளியிட்டாங்க. பொய் சொல்லி கெடச்சிருக்கக்கூடிய லாபத்துல சராசரியா முக்கால் பங்க ஜனங்க சும்மா விட்டுட்டு போறாங்கன்னு வந்துச்சு. பந்தயத்தொகைய கூட்டினாலும் இது பெருசா மாறல. அதனால மோதிரம் கெடச்ச அடுத்த நிமிஷமே ரெண்டு பேரும் ஒரே எடத்துல போய் நிப்பாங்கன்னு கிளாக்கான் சொன்னது, சொன்ன ரூபத்துல, உண்மை இல்ல. இத நான் தைரியமா சொல்லுவேன்.

ஆனா இதோட முடிச்சுக்கிட்டா நம்மள நாமளே ஏமாத்திக்கறோம். சோதனைல பந்தயம் சில்லறை, கதைல ராஜ்ஜியம். சோதனைல பாதிக்கப்படற மனுஷன்னு ஒருத்தர் கண்ணுக்கு தெரியல, கதைல ராஜா சாகறான். எல்லாத்துக்கும் மேல சோதனை சில நிமிஷத்துல முடிஞ்சிடுது. மோதிரம் ஆயுசுக்கும் விரல்ல இருக்கும். முதல் நாள் ஆறுன்னு உண்மைய எழுதின அதே ஆள், யாரும் கேக்காத பத்து வருஷம் கழிச்சு என்ன எழுதுவான்னு எந்த தாயக்கட்டையும் சொல்லாது. என் அனுமானம், நேர்மைல ஒரு பெரிய பங்கு பழக்கம், பழக்கத்த சுத்தி இருக்கிறவங்கதான் தாங்கி புடிக்கிறாங்க, அந்த முட்டுக்கொடுத்தத எடுத்துட்டா மெல்ல சாயும். இது அனுமானம்தான், நிரூபணம் இல்ல.

வேடிக்கை என்னன்னா பிளேட்டோவும் கிட்டத்தட்ட இத ஒத்துக்கறாரு, இத நெறைய பேர் கவனிக்கறதில்ல. பத்தாம் புத்தகத்துல, மொத்த வாதமும் முடிஞ்சப்புறம், செத்த ஆத்மாக்கள் அடுத்த பிறவிய தேர்ந்தெடுக்கற ஒரு கதை வருது. முதல் சீட்டு விழுந்தவன் ஓடிப்போய் இருக்கறதுலயே பெரிய சர்வாதிகாரியோட வாழ்க்கைய எடுத்துக்கறான், அதுல தன் புள்ளைகளையே தின்ன வேண்டியிருக்கும்னு கூட படிக்காம. அப்புறம் மாரடிச்சுக்கிட்டு அழறான், விதிய திட்டறான், தெய்வங்கள திட்டறான், தன்ன தவிர எல்லாரையும். இவன் யாருன்னு பாத்தா முன்பிறவில அயோக்கியன் இல்ல! ஒழுங்கான ஊர்ல ஒழுங்கா வாழ்ந்து சொர்க்கத்துலேருந்து வந்தவன். ஆனா நல்லவனா இருந்தது பழக்கத்தால, யோசிச்சு இல்லன்னு பிளேட்டோ எழுதறாரு. பழக்கத்தால நல்லவனா இருக்கிறவன் கையில மோதிரத்த குடுத்தா கிளாக்கான் சொன்னதுதான் நடக்கும்னு பிளேட்டோவே கையெழுத்து போட்ட மாதிரி. அப்போ உங்க 'எவனாவது'ங்கறதுக்கு பிளேட்டோ பதில் ரொம்ப சின்ன கூட்டம். நான் அந்த தாயக்கட்டை கணக்க பாத்தப்புறம் அவரு கொஞ்சம் கஞ்சத்தனமா இருக்காருன்னு நெனைக்கிறேன், ஆனா திசை தப்பில்ல.

சரி, ரெண்டாவது கேள்வி. காரணம் இருக்கா? பிளேட்டோ நழுவல, ஆனா பதில ஒரே எடத்துல வைக்காம நாலாம் புத்தகத்துலயும் ஒம்பதாம் புத்தகத்துலயும் பிரிச்சு வச்சிருக்காரு, அதனால தேடறவங்களுக்கு பதிலே இல்லாத மாதிரி தெரியும். நாலுல மனசுக்குள்ள மூணு பகுதி இருக்குங்கறாரு: யோசிக்கிறது, ரோஷப்படறது, ஆசைப்படறது. நியாயம்னா வெளில நடந்துக்கறது இல்ல, இந்த மூணும் அதது வேலைய பாத்துக்கிட்டு, யோசிக்கிறது ஆள, மத்தது ஒத்துப்போறதுதான். ஒடம்புக்கு ஆரோக்கியம் எப்படியோ மனசுக்கு இது அப்படி. ஆரோக்கியம் யாரும் பாக்கலன்னாலும் நமக்கு வேண்டியதுதான், நோய் வெளில தெரியலன்னாலும் நோய்தான். இத ஒத்துக்கிட்டா மோதிரம் செல்லாக்காசு, ஏன்னா அது வெளியிலேருந்து வர்ற தண்டனையத்தான் தடுக்கும், உள்ள நடக்கற சேதத்த தடுக்காது.

ஒம்பதுல அந்த சேதம் எப்படி ஏறுதுன்னு படிப்படியா காட்டறாரு. ஒரு ஆசை மத்த ஆசைய இழுத்துக்கிட்டு வருது, வருமானம் பத்தாது, கடன், அப்புறம் அப்பா அம்மா சொத்து, அவங்க தடுத்தா அடி, அது தீந்தா ராத்திரில அடுத்தவன் வீடு, கோயில். கனவுல மட்டும் எப்பயாவது வந்த ஆசைகள இவன் முழிச்சுக்கிட்டே செய்யறான். இந்த எடத்துல அவரு ஒரு எதிர்க்கதையும் வைக்கிறாரு, எனக்கு மோதிரக்கதைய விட இது பிடிக்கும். அம்பது அடிமைகளுக்கு மேல வச்சிருக்கிற ஒரு பணக்காரன், ஊருக்குள்ள அவங்கள பாத்து பயப்படறதே இல்ல. ஏன்னா இவனுக்கு ஒண்ணுன்னா மொத்த ஊரும் ஒதவிக்கு வரும். இப்ப ஒரு கடவுள் இவன பொண்டாட்டி புள்ளைங்க, அடிமைகள், சொத்து எல்லாத்தோடயும் தூக்கி ஆளரவமே இல்லாத எடத்துல வச்சிட்டா என்ன ஆகும்? அதே அடிமைகள கண்டு நடுங்குவான், அவங்ககிட்ட கொழைவான், விடுதலை தரேன்னு கெஞ்சுவான். தட்டிக்கேக்க ஆள் இல்லாத எடத்துல காப்பாத்தவும் ஆள் இல்ல. சர்வாதிகாரி நெலமை இதான், எல்லா சட்டத்துக்கும் மேல போயிட்டவன் வீட்ட விட்டு வெளிய வர முடியாம அடைஞ்சு கெடக்கறான்னு முடிக்கிறாரு.

படிக்கும்போது நல்லா அடிச்சாருன்னு தோணும். ஆனா கொஞ்சம் நிதானமா பாத்தா இந்த எதிர்க்கதை மோதிரக்காரன் மேல முழுசா விழல. சர்வாதிகாரி பயப்படறான்னா அவன் யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கறதால. மோதிரக்காரன் யாருன்னு எவனுக்குமே தெரியாது. ஊர் அவன உத்தமன்னு நெனைக்குது, ஒண்ணுன்னா ஒதவிக்கும் ஓடி வரும். கிளாக்கான் வச்ச நிபந்தனையே அதான். அதனால அடைஞ்சு கெடக்கற அந்த பயத்த பதில்லேருந்து தள்ளுபடி பண்ணிடணும்னுதான் நான் சொல்லுவேன். மிஞ்சறது ஒண்ணே ஒண்ணு, ஆசை பெருகிக்கிட்டே போகும், நெறையவே நெறையாதுங்கறது. அது பலமான வாதம்தான், ஆனா அளவா திருடற மோதிரக்காரன அது தொடுமா? வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, திட்டம் போட்டு, பதறாம எடுத்துக்கிட்டு மத்த நாளெல்லாம் நிம்மதியா இருக்கிறவன், நம்ம நாலுன்னு எழுதின ஆள் மாதிரி?

நெஜமான ஓட்டையும் இங்கதான் இருக்கு. 1963ல டேவிட் சாக்ஸ்னு ஒரு தத்துவ பேராசிரியர் இத ஒரு கட்டுரைல போட்டு ஒடைச்சாரு, அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் அந்த சண்டை ஓயல. கிளாக்கான் கேட்டது சாதாரண நியாயத்த பத்தி, அதாவது திருடாதது, கொல்லாதது, நம்பி குடுத்தத திருப்பி குடுக்கறது. சாக்ரடீஸ் நிரூபிச்சது மனசு ஒழுங்கா இருக்கிறவன் நல்லா இருப்பான்னு. மனசு ஒழுங்கா இருக்கிறவன் திருட மாட்டான்னு எங்க நிரூபிச்சாரு? இந்த பாலம் இல்லாம பதில் அந்த கரைக்கு போகாது. யோசிக்கிற பகுதி நல்லா கட்டுப்பாட்டோட ஆட்சி பண்ணி, ரோஷமும் ஆசையும் அடங்கி, அப்படியே அமைதியா ஒரு பெரிய மோசடிய செய்ய முடியாதான்னு கேட்டா 'குடியரசு' நேரடியா சொல்ற பதில் கொஞ்சம்தான்.

பிளேட்டோ பக்கம் பேசறவங்க என்ன சொல்லுவாங்கன்னா, யோசிக்கிற பகுதி ஆளறதுன்னா சும்மா கணக்கு போட்டு ஆளறது இல்ல, அதுக்குன்னு சொந்தமா ஒரு காதல் இருக்கு, உண்மை மேல. அதுல ஊறினவனுக்கு பணம், பதவி, சதை மேல இருக்கிற பசி தானா வத்திப்போகும், ஆறாம் புத்தகத்துல ஒரு பக்கமா போற தண்ணி மத்த வாய்க்கால்ல கொறையற மாதிரின்னு வருது. அப்ப திருட மாட்டான், திருடக்கூடாதுன்னு பல்ல கடிச்சுக்கிட்டு இல்ல, எடுக்க தோணவே தோணாததால. எனக்கு இது பாதி ஏத்துக்கற மாதிரி இருக்கு. பேராசைல பண்ற தப்புக்கு இது சரியான பதில். ஆனா எல்லா அநியாயமும் பேராசைல வர்றதில்லையே, ஒரு நல்ல நோக்கத்துக்காக, நான்தான் சரின்னு முழு தெளிவோட ஒருத்தன் மோதிரத்த போட்டுக்கிட்டு போய் இன்னொருத்தன கொல்லலாம். அந்த ஆளுக்கு ஆசை வத்தினதால ஒண்ணும் ஆகப்போறதில்ல. மோதிரக்கதைய பேசறப்ப எல்லாரும் திருடனையே நெனைக்கிறாங்க, எனக்கு பயம் இந்த தெளிவான ஆள் மேலதான்.

முழு புத்தகம் படிக்க நேரம் இல்லன்னா ரெண்டாம் புத்தகத்துல 357லேருந்து 367 வரைக்கும் படிங்க, கிளாக்கானுக்கு அப்புறம் இன்னொரு அண்ணன் அடைமாண்டஸ் பேசறதையும் விட்டுடாதீங்க. அப்புறம் நேரா நாலாம் புத்தகத்துல 442, 443 போங்க. மனசு ஒழுங்கா இருக்கிற ஒருத்தன்கிட்ட தங்கத்த நம்பி குடுத்தா அமுக்குவானா, கோயில கொள்ளையடிப்பானா, நண்பன காட்டிக்குடுப்பானான்னு சாக்ரடீஸ் அங்கதான் வரிசையா கேக்கறாரு. மோதிரத்த வச்சு அவ்ளோ கறாரா வாதாடின அதே கிளாக்கான் ஒவ்வொண்ணுக்கும் மாட்டான், மாட்டான்னு ஒரு எதிர்க்கேள்வியும் இல்லாம தலையாட்டிட்டு போறான். அந்த எடத்துல நீங்க அவனுக்கு பதிலா ஒக்காந்து ஏன் மாட்டான்னு கேட்டு பாருங்க, என்ன வருதுன்னு கீழ எழுதுங்க, பேசலாம்.